நைட்டிக்கும் டிரெஸ்ஸுக்கும் நடுவே

தமிழில் 'டிரெஸ்' என்றால் எந்த உடையும் டிரெஸ்தான். தீபாவளிக்கு எடுக்கும் வேட்டி சட்டையும் டிரெஸ், பள்ளிச் சீருடையும் டிரெஸ். தோளிலிருந்து கால்வரை ஒரே துண்டாக இறங்கும் உடைக்கென்று நம்மிடம் தனிப்பெயர் நிலைக்கவில்லை. சின்னப் பெண் போட்டால் அது கவுன். வளர்ந்த பெண் வீட்டில் போட்டால் அது நைட்டி. இரண்டுக்கும் இடைப்பட்ட வயதிலும் இடத்திலும் சேலையும் சுடிதாரும் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன.

அதனால்தான் நாற்பது வயதில் முதல்முறையாக ஒரு டிரெஸ்ஸைப் போட்டுக் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணுக்கு வரும் முதல் சந்தேகம் கால் தெரிகிறதே என்பதல்ல. "நைட்டி மாதிரி இருக்கே" என்பதுதான். துணைக்கு வந்த தங்கையும் அதையே சொல்வாள். உடை மறுபடி ஹேங்கருக்குப் போய்விடும்.

அந்தச் சந்தேகத்தில் நியாயம் உண்டு. நைட்டியும் ஒரு டிரெஸ்தான். எங்கும் பிடிக்காமல், தோளில் மட்டும் தொங்கி, நேராக இறங்கும் டிரெஸ். உடல் எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது என்று அது சொல்வதில்லை. வீட்டு வேலைக்கு அதுவே சௌகரியம். வெளியே போடும் டிரெஸ் உடலை ஏதாவது ஓரிடத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைகளில் அதிகம் கண்ணில் படும் மூன்று வகைகளான ராப், ஏ-லைன், ஷர்ட் டிரெஸ் மூன்றும் வேறுபடுவது இந்த ஒரு விஷயத்தில்தான். ராப் இடுப்பில் முடிச்சுப் போட்டுப் பிடிக்கிறது. ஏ-லைன் தோளிலும் மார்பிலும் பிடித்துவிட்டு, கீழே கையை விட்டுவிடுகிறது. ஷர்ட் டிரெஸ் தோளிலும் நடுவே ஓடும் பட்டன் வரிசையிலும் பிடிக்கிறது. எங்கே பிடிக்கிறதோ அங்கே அளவு சரியாக இருக்க வேண்டும்; மற்ற இடங்களில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் தெரியாது.

இந்த மூன்று வெட்டும் பெரும்பாலான பெண்களின் அலமாரியில் குர்தி வடிவில் ஏற்கெனவே இருக்கின்றன. ஏ-லைன் குர்தி அதே பெயரிலேயே விற்கிறது. காலர் வைத்து முன்னால் பட்டன் ஓடும் குர்தி, ஷர்ட் டிரெஸ்ஸின் தங்கை. ஒரு பக்கத்தை இன்னொரு பக்கத்தின் மேல் போட்டுப் பக்கவாட்டில் நாட் கட்டும் அங்கரக்கா, ராப்பின் தூரத்துச் சொந்தம். அப்படியானால் நீளமான குர்தியை லெக்கிங்ஸ் இல்லாமல் போட்டால் டிரெஸ் ஆகிவிடாதா? ஆகாது. காரணம் பக்கவாட்டு ஸ்லிட்.

நேர்வெட்டுக் குர்தியின் கீழ்ச்சுற்று பெரும்பாலும் 45 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். அந்தச் சுற்றுக்குள் கால் எட்டு வைக்க முடியாது என்பதால்தான் இரண்டு பக்கமும் ஸ்லிட் விடுகிறார்கள். உள்ளே லெக்கிங்ஸ் இருக்கும் தைரியத்தில் தைத்த உடை அது. டிரெஸ்ஸுக்கு அந்த ஸ்லிட் இருக்காது. ஆகவே துணியே கீழே விரிய வேண்டும். கெண்டைக்கால் வரை இறங்கும் டிரெஸ் என்றால் கீழ்ச்சுற்று 50 அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் இயல்பாக நடக்க முடியும். பஸ் படி ஏற இன்னும் கொஞ்சம் வேண்டும். கடையில் டேப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. டிரெஸ்ஸைப் போட்டுக்கொண்டு ட்ரையல் அறையில் ஒரு காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துப் பார்த்தால் போதும். துணி தொடையை இழுத்துப் பிடித்தால் அது வேண்டாம்.

இனி ராப். மூன்றில் சுவையான வரலாறு இதற்குத்தான் இருக்கிறது. அந்த வரலாறு அடுப்படியில் தொடங்குகிறது.

முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் உணவு நிர்வாகத்துக்குத் தலைவராக இருந்தவர் ஹெர்பர்ட் ஹூவர். பின்னாளில் அந்நாட்டின் அதிபரானவர். அவர் பெயரால் 'ஹூவர் ஏப்ரன்' என்றும் 'ஹூவரெட்' என்றும் அழைக்கப்பட்ட ஒரு வீட்டு உடை உண்டு. முன்பக்கம் இரண்டு துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்று சுற்றிவந்து இடுப்பில் கட்டிக்கொள்ளும். சமைக்கும்போது மேல் துண்டில் கறை பட்டதா? யாராவது வாசலில் வந்து நின்றால் துண்டுகளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். அழுக்கு உள்ளே போய்விடும், சுத்தமான பக்கம் வெளியே வரும். விருந்தாளி வரும் சத்தம் கேட்டு நைட்டி மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்ட எவருக்கும் இதன் அருமை புரியும்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. வீட்டு வேலையாட்கள் ஆலைகளுக்குப் போய்விட, வசதியான பெண்களும் தாங்களே சமைக்க வேண்டியதாயிற்று. 1942இல் கிளேர் மெக்கார்டெல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 'பாப்ஓவர்' என்ற சுற்றுடையைக் கொண்டுவந்தார். விலை 6 டாலர் 95 சென்ட். சூடான பாத்திரம் பிடிக்கும் கையுறை ஒன்றும் கூடவே வரும். சமையலும் செய்யலாம், அதே உடையோடு விருந்தாளியையும் வரவேற்கலாம்.

அதைத் தெருவுக்கும் அலுவலகத்துக்கும் கூட்டி வந்தவர் பெல்ஜியத்தில் பிறந்து நியூயார்க்கில் தொழில் தொடங்கிய டயேன் வான் ஃபர்ஸ்டன்பெர்க். 1974இல் அவர் கொண்டுவந்த ராப் டிரெஸ்ஸின் புதுமை வெட்டில் இல்லை, துணியில் இருந்தது. இத்தாலியில் நெய்யாமல் பின்னிய ஜெர்சி துணி அது. ஜிப் இல்லை, பட்டன் இல்லை, ஊக்கு இல்லை. உடலின் மேல் சுற்றி ஒரு முடிச்சு. 1976 மார்ச்சில் 'நியூஸ்வீக்' இதழின் அட்டையில் அவர் படம் வந்தது. அதற்குள் அந்த டிரெஸ் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

ஜெர்சி என்றால் என்னவென்று தமிழ்நாட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் துணி என்று சொல்வது அதைத்தான். ஆனால் எல்லாப் பனியன் துணியும் ராப்புக்கு ஆகாது. டி-ஷர்ட்டுக்குப் பயன்படும் மெல்லிய சிங்கிள் ஜெர்சி, உள்ளாடையின் ஒவ்வொரு கோட்டையும் வெளியே காட்டிக்கொடுக்கும், ஓரம் சுருண்டுகொள்ளும். ராப்புக்கு வேண்டியது கையில் எடுத்தால் கொஞ்சம் கனக்கும், கீழே விட்டால் தண்ணீர் போல் வழியும் துணி. எலாஸ்டேன் கலந்த விஸ்கோஸ் ஜெர்சியில் அந்தக் குணம் உண்டு. நெய்த துணியில் என்றால் கிரேப்.

ராப்பில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மற்ற டிரெஸ் சின்னதாக இருந்தால் ஜிப் ஏறாது, பட்டன் மாட்டாது; உடனே தெரிந்துவிடும். ராப் அப்படியல்ல. எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கட்டிவிடலாம். குறைவது சுற்றளவு அல்ல, ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அகலம். நின்றபடி கண்ணாடியில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்ததும் மேல் துண்டு வழுக்கித் தொடை தெரியும். மின்விசிறிக் காற்றுக்கே பிரியும். மேல் துண்டு எதிர்ப்பக்கத் தையலை ஏறக்குறைய எட்டுகிறதா என்று பார்ப்பதுதான் சரியான சோதனை. தொப்புளைத் தாண்டி நாலு விரல்கடையில் நின்றுவிட்டால் ஒரு சைஸ் பெரியது வேண்டும்.

கழுத்தும் கவனிக்க வேண்டிய இடம். ராப்பின் முன்கழுத்து சாய்வாக வெட்டப்படுவது. தையல்காரர்கள் கிராஸ் என்பார்கள். கிராஸாக வெட்டிய ஓரம் இழுத்தால் இழுத்த பக்கம் வரும். தைக்கும்போதே உள்ளே ஒரு மெல்லிய நாடாவைச் சேர்த்துத் தைக்காவிட்டால் பத்துத் துவைப்பில் கழுத்து தொளதொளத்துவிடும். புதுத் துணியிலேயே அறியலாம்: ஹேங்கரில் தொங்கும்போது கழுத்தோரம் அலை அலையாக நெளிந்தால் அது ஏற்கெனவே இழுபட்டுவிட்டது. நெளியாத கழுத்தாக இருந்தாலும் குனிந்தால் திறக்கும். அதற்கு மார்பு ஏறும் இடத்தில் ஒரு பிரஸ் பட்டன் போதும். சேலை முந்தானைக்கு ஊக்குக் குத்திப் பழகிய கைக்கு இது பெரிய வேலையில்லை.

சேலை கட்டுகிறவர்களுக்கு ராப் எளிதில் பழகிவிடும் என்று சொல்வதுண்டு. பாதி உண்மைதான். இரண்டும் உடலைச் சுற்றுபவை, இரண்டும் இடுப்பில் நிற்பவை. ஆனால் சேலைக்குள் பாவாடை இருக்கிறது; மடிப்பு பிரிந்தாலும் மானம் போகாது. ராப்புக்குள் எதுவும் இல்லை. முதல் டிரெஸ்ஸாக இதை வாங்குகிற பெண் நாள் முழுவதும் ஒரு கையால் தொடைமேல் துணியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பாள். பலருக்கு டிரெஸ் மேலேயே வெறுப்பு வருவது இப்படித்தான். பார்வைக்கு ராப் போல இருந்து, உள்ளே பக்கவாட்டுத் தையலோடு மூடித் தைத்த போலி ராப்கள் கடையில் நிறைய. போலி என்பதால் தள்ள வேண்டியதில்லை. பழகாதவருக்கு அதுவே மேல்.

ஏ-லைன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவே அதன் பெருமை. பெயர் கிறிஸ்டியன் டியோர் 1955 வசந்த காலத் தொகுப்புக்கு வைத்தது. குறுகிய தோள், கீழே போகப்போக விரிவு. ஆங்கில ஏ எழுத்தின் இரண்டு கால்கள். டியோர் 1957இல் இறந்தபின் அவர் இடத்துக்கு வந்த 21 வயது இவ் சான் லொரான், 1958இல் அதை இன்னும் விரித்து 'ட்ரபீஸ்' என்று காட்டினார். இன்று கடையில் ஏ-லைன் என்று விற்பது இவற்றின் பேரப்பிள்ளை: மார்பு வரை உடலோடு, அங்கிருந்து மெல்ல விலகி.

இடுப்புக்குக் கீழே அகலமான உடலமைப்புக்கு இது கைகொடுக்கும். தோளும் மார்பும் பொருந்தினால் போதும், கீழே அளவே பார்க்க வேண்டாம். பெரிய மார்பு உள்ளவர்களுக்கோ இங்கே ஒரு சிக்கல் உண்டு. மார்பின் மேடு துணியைத் தூக்கும். முன்பக்கக் கீழோரம் மேலே ஏறும், பின்பக்கம் தொங்கும். நேரே நின்று பார்த்தால் கண்ணுக்குப் படாது. பக்கவாட்டில் திரும்பி நின்று பார்க்க வேண்டும். கீழோரம் தரைக்கு இணையாக ஓட வேண்டும். முன்னால் ஓர் அங்குலம் ஏறியிருந்தால் அந்த டிரெஸ்ஸில் டாட் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது போதவில்லை. வயிற்றுக்கு முன்னால் கூடாரம் போல் துணி தள்ளி நிற்பதும் அதே காரணத்தால்தான். "மாசமா இருக்கீங்களா?" என்று அக்கம்பக்கம் கேட்க வைப்பது இந்தக் கூடாரமே. ஜாக்கெட் தைக்கும்போது பிரின்சஸ் கட் கேட்டு வாங்குகிற பெண்கள் டிரெஸ்ஸிலும் அதையே தேட வேண்டும். கைக்குழியிலிருந்து மார்பு வழியாகக் கீழே ஓடும் அந்தத் தையல் இருந்தால் துணி மேட்டில் ஏறி, இறங்கி, பிறகுதான் விரியும்.

ஷர்ட் டிரெஸ்ஸுக்கு வருவோம். ஆண்கள் சட்டையை நீட்டியது போன்ற எளிய வடிவம்தான். ஆனாலும் அளவில் மிகக் கண்டிப்பானது இதுவே. ஒரு பெண்ணை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் விளங்கும்.

காரைக்குடியில் வங்கி வேலையில் இருக்கிற 47 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குச் சேலை, வெளியூருக்குச் சுடிதார், வீட்டில் நைட்டி. மகள் சிங்கப்பூரில், ஒரு மாதம் அங்கே போய் இருக்கப் போகிறார். "அம்மா, அங்க வந்து நாள் பூரா நடக்கணும். ஒரு நல்ல டிரெஸ் எடுத்துக்கோங்களேன்" என்கிறாள் மகள். உயரம் 5 அடி 2 அங்குலம். மார்பு 40, இடுப்பு 36, உட்காரும் இடம் 44.

அளவு அட்டையில் மார்பு 40க்கு 'எல்' என்று இருக்கிறது. அட்டையில் இருப்பது உடலின் அளவு, உடையின் அளவு அல்ல. நெய்த பருத்தியில் தைக்கும் ஷர்ட் டிரெஸ்ஸுக்கு மார்பில் நாலு அங்குலமாவது கூடுதல் வேண்டும். இல்லாவிட்டால் கையை முன்னால் நீட்டும்போது முதுகு பிடிக்கும். எல் சைஸ் டிரெஸ்ஸைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்கினால் 44 வருகிறது. மார்புக்குச் சரி. பிறகு உட்காரும் இடத்தை அளக்கிறார்: 45. அவர் உடல் 44. ஓர் அங்குலம்தான் மிச்சம். நிற்கும்போது இது போதும் போலத் தோன்றும். உட்கார்ந்தால் உடல் பரந்து ஓர் அங்குலத்துக்கு மேலேயே கேட்கும். மடியில் உள்ள இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளக்கும்.

சரி, 'எக்ஸ்எல்' எடுக்கலாமே? எடுத்தால் உட்காரும் இடம் 47½, வசதிதான். ஆனால் தோள் தையல் தோளை விட்டு ஓர் அங்குலம் கீழே இறங்கிவிடுகிறது. மார்பில் துணி தொங்குகிறது. நைட்டி மாதிரி இருக்கே என்ற பழைய குரல் திரும்பி வருகிறது. தையல்காரரிடம் கொடுத்துத் தோளைக் குறைக்கலாம். அதற்குக் கையைப் பிரித்து, கைக்குழியைத் திரும்ப வெட்டி, மறுபடி பொருத்த வேண்டும். பாதி டிரெஸ்ஸைப் புதிதாகத் தைக்கிற வேலை.

இவருக்கு வழி வேறு. தோளிலிருந்து கீழ்வரை நேராக இறங்கும் ஷர்ட் டிரெஸ்ஸை விட்டுவிட்டு, இடுப்பில் ஒரு தையல் வைத்து அதன் கீழ் விரிந்த பாவாடை சேர்த்ததை எடுப்பது. மேல்பாதி ஷர்ட், கீழ்பாதி ஏ-லைன். உட்காரும் இடத்தின் அளவு இப்போது கணக்கிலேயே இல்லை. எல் சைஸ் போதும். தோள் தோளில் நிற்கும். மேலும், இடுப்பில் தையல் விழுந்துவிட்டதால் நைட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் தையல் உண்மையான இடுப்பில் விழுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் சாய்ந்தால் உடல் எங்கே மடிகிறதோ அதுதான் இடுப்பு. தையல் அதற்கு மேலே ஏறினால் மார்பு தொங்குவது போலவும், கீழே இறங்கினால் வயிறு முன்னால் வந்தது போலவும் தெரியும்.

பட்டன் வரிசையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மார்பின் உச்சி உயரத்துக்கு நேராக ஒரு பட்டன் இருக்கிறதா? இரண்டு பட்டன்களுக்கு நடுவில் அந்த உச்சி விழுந்தால், அளவு சரியாக இருந்தும் அங்கே துணி விரியும். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு உள்ளாடை தெரியும். கடையில் இதை மாற்ற முடியாது, ஆனால் வீட்டில் ஐந்து நிமிட வேலை. வாய் பிளக்கும் இடத்தில் பட்டன் பட்டிக்கு உள்புறமாக ஒரு சின்ன பிரஸ் பட்டன். தைத்து வாங்குகிறவர் என்றால், காஜா போடும் முன்பே மார்பு உச்சிக்கு முதல் காஜாவைக் குறித்துவிட்டு, அங்கிருந்து மேலும் கீழும் சம இடைவெளி விடச் சொல்ல வேண்டும். கழுத்திலிருந்து தொடங்கி மூன்றரை அங்குலத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் உச்சி எங்கே விழும் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நீளம்? சேலை உடுத்தும் பெண்ணுக்கு இடுப்பு தெரிவது பழக்கம், கெண்டைக்கால் தெரிவது பழக்கமில்லை. மற்ற நாடுகளில் முதலில் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுவார்கள். இங்கே காலைப் பற்றி. அதனால் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே என்று குத்துமதிப்பாக வாங்குகிறார்கள். அந்த நடுவில்தான் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம் இருக்கிறது. கீழோரம் சரியாக அங்கே வெட்டினால் கால் முழுவதும் அதே பருமன் என்று கண் நினைத்துக்கொள்ளும். நம் வங்கி ஊழியருக்குத் தோளிலிருந்து 41 அங்குல நீளம் அந்தப் பருத்த இடத்தில் வந்து நிற்கிறது. 44 அங்குலம் அதைத் தாண்டி, கால் மெலியும் இடத்தில் நிற்கிறது. மூன்று அங்குல வித்தியாசம்தான். முதலாவதில் அவர் குட்டையாகத் தெரிகிறார், இரண்டாவதில் இல்லை. முழங்காலுக்கு இரண்டு விரல்கடை கீழே நிறுத்தினாலும் இதே பலன் உண்டு, துணிச்சல் இருந்தால்.

கடையில் கிடைக்காவிட்டால் தைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் இங்கே இயல்பாக வரும். மூன்றில் ஷர்ட் டிரெஸ்ஸையும் ஏ-லைனையும் ஊர்த் தையல்காரர் நன்றாகவே தைப்பார். சட்டையும் சுடிதாரும் தைக்கிற கைதான். ஜெர்சி ராப்பை மட்டும் அவரிடம் கொடுக்கக் கூடாது. சாதாரண மிஷினின் நேர்த்தையல் பனியன் துணியோடு சேர்ந்து நீளாது. இழுத்த இடத்தில் நூல் பட்டென்று அறுந்துவிடும். நாலு நூல் ஓவர்லாக் மிஷின் வேண்டும். ராப்பை ரெடிமேடாக வாங்குவதே நல்லது.

காரைக்குடிக்காரர் என்பதால் இன்னொரு வழியும் அவருக்கு இருக்கிறது. கட்டிப் பழகி மிருதுவான ஒரு கண்டாங்கிச் சேலை. செட்டிநாட்டுப் பருத்தியின் கனமும் கட்டங்களும் ஷர்ட் டிரெஸ்ஸுக்கென்றே அமைந்தது போல இருக்கும். உடலோடு ஒட்டாது, ஒளி ஊடுருவாது. ஐந்தரை மீட்டர் சேலையில் முழங்கை வரை கை வைத்த டிரெஸ் தைத்தும் துணி மிஞ்சும். பாவாடைப் பகுதிக்குச் சேலையின் கரையோடு சேர்த்து, நீளவாக்கில் சுமார் 80 அங்குலம் எடுத்து இடுப்பில் சுருக்கினால், கரை அப்படியே கீழோரமாகிவிடும். மடித்துத் தைக்கவும் வேண்டாம். கட்டம் போட்ட துணியில் பட்டன் பட்டியின் இரண்டு பக்கமும் கட்டங்கள் நேர்க்கோட்டில் சேர வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் துணி மிச்சம் பிடிக்கிற அவசரத்தில் கட்டம் தப்பிவிடும், பிறகு திருத்த வழியில்லை. புதுச் சேலை என்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவைப்பது அவசியம். துவைக்காத பருத்தி நூற்றுக்கு நாலு சுருங்கினால்கூட 44 அங்குலத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும். கெண்டைக்கால் கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

டிரெஸ்ஸுக்குள் என்ன போடுவது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. சேலைக்குப் பாவாடை, சுடிதாருக்குப் பேண்ட். தொடைகள் ஒன்றோடொன்று உரசுவது என்பது அந்த உடைகளில் இல்லாத பிரச்சினை. டிரெஸ்ஸில் ஒரு கிலோமீட்டர் நடந்ததும் வியர்வையோடு சேர்ந்து எரிச்சல் தொடங்கிவிடும். சிங்கப்பூர் வெயிலும் புழுக்கமும் நம் ஊருக்குச் சளைத்தவை அல்ல. முழங்காலுக்கு மேல் நிற்கிற மெல்லிய சைக்கிளிங் ஷார்ட்ஸ் ஒன்று உள்ளே போட்டால் உரசலும் இல்லை, காற்றில் துணி பறக்கிற கவலையும் இல்லை. மெல்லிய துணி என்றால் அதற்குமேல் ஒரு சிம்மிஸ். ராப்புக்கு மட்டும் சிம்மிஸின் கழுத்து எட்டிப் பார்க்கும் என்பதால் இடுப்பிலிருந்து இறங்கும் உள்பாவாடைதான் சரி.

மூன்றையும் வரிசைப்படுத்தச் சொன்னால், டிரெஸ் போட்டுப் பழகாத பெண்ணுக்கு முதலில் வர வேண்டியது இடுப்புத் தையல் வைத்த பருத்தி ஷர்ட் டிரெஸ். காலரும் பட்டனும் அவள் கண்ணுக்குப் பழகியவை. முன்பட்டன் கீழ்வரை இருந்தால் இன்னொரு லாபமும் உண்டு. டிரெஸ்ஸாகப் போடத் தைரியம் வராத நாளில் பட்டன்களைத் திறந்துவிட்டு, பேண்ட் டாப்புக்கு மேல் நீள ஜாக்கெட்டாகப் போட்டுக்கொள்ளலாம், காசு வீணில்லை. ஏ-லைன் இரண்டாவது, கல்யாண வரவேற்புக்கும் மாலை விருந்துக்கும் அது பொருந்தும். ராப் மூன்றாவது. உட்காரவும் எழவும் டிரெஸ்ஸோடு பழகியபிறகு, அழகு கூடுதலான அதை வாங்கலாம். பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும், எடை ஏறி இறங்குகிறவர்களுக்கும் மட்டும் இந்த வரிசை மாறும். முடிச்சைத் தளர்த்தி இறுக்கிக்கொள்ளும் வசதி ராப்புக்கு மட்டுமே உண்டு.

கடைக்குப் போகிற அன்று லெக்கிங்ஸோடு போய், அதன் மேலேயே டிரெஸ்ஸைப் போட்டுப் பார்க்காதீர்கள். லெக்கிங்ஸ் மேல் எல்லா டிரெஸ்ஸும் குர்தி மாதிரித்தான் தெரியும். நன்றாகப் பொருந்துகிற உங்கள் குர்தி ஒன்றின் தோள், மார்பு அளவைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். ஷார்ட்ஸும் பையில் இருக்கட்டும். ட்ரையல் அறையில் ஸ்டூல் இல்லாவிட்டால் ஒன்று கேட்டு வாங்கி, இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.